கார் விற்ற பிறகு வாரன்டி பணத்தைத் திரும்ப வாங்கிய அனுபவம்

2022 அக்டோபரில் டெக்சாஸில் ஒரு பழைய கார் வாங்கினேன். அப்போது மீட்டரில் 18,000 மைல் இருந்தது. லோன் பேப்பரில் கையெழுத்துப் போட்ட அன்றே, 72 மாதம் அல்லது 75,000 மைலுக்கு எக்ஸ்டெண்டட் வாரன்டியும் 2,160 டாலருக்கு எடுத்தேன். 2025 ஏப்ரலில் பழைய கார் வாங்கும் கம்பெனி ஒன்றுக்குக் காரைக் கொடுத்தபோது மீட்டர் 58,000. வாரன்டி நினைவிலேயே இல்லை. கூட வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர்தான், "மிச்ச வாரன்டிக்குக் காசு வருமேப்பா, கேட்டியா?" என்றார்.

அன்றிரவே ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். தனி ஆளுக்கு விற்றிருந்தால் 50 டாலர் கட்டி அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்திருக்கலாம். வியாபாரிக்கு விற்றால் மாற்ற முடியாது என்று எழுதியிருந்தது. எனக்கு ரத்து ஒன்றுதான் வழி.

வாரன்டியை விற்ற டீலரிடமே ரத்துப் படிவம் வாங்கினேன். அதோடு விற்பனை ரசீது, விற்ற அன்றைய மைல் இருக்கும் ஓடோமீட்டர் படிவம், லோன் முடிந்ததற்கு பேங்க் கொடுத்த கடிதம் மூன்றையும் வைத்தேன். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் பணம் நம் கைக்கு வராமல் பேங்குக்குப் போய்விடும். படிவத்தை நேரில் கொடுத்த கையோடு டீலருக்கும், வாரன்டியை நடத்தும் நிறுவனத்துக்கும் மின்னஞ்சலிலும் அனுப்பினேன். என் ஒப்பந்தத்தில் மாதக் கணக்கு, கார் விற்ற தேதியோடு நிற்பதில்லை. ரத்துக் கேட்ட தேதி வரை ஓடும். அதனால் தேதிக்கு ஒரு சாட்சி வேண்டும் என்று நினைத்தேன்.

பத்து நாளில் பதில் வந்தது: 439 டாலர் 60 சென்ட். மனசு ஒப்பவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாதம், மைல் இரண்டில் எது அதிகம் தீர்ந்திருக்கிறதோ அதைக் கழிப்பார்கள். 72 மாதத்தில் 30 மாதம்தான் போயிருந்தது. மைல்தான் அதிகம் தீர்ந்திருந்தது. அதுவரை சரி. ஆனால் 75,000-இல் 58,000 தீர்ந்ததாக, மீட்டரில் இருந்ததை அப்படியே எடுத்திருந்தார்கள். என் ஒப்பந்தத்தில் மைல் எண்ணுவது கார் வாங்கிய நாளிலிருந்து. ஆகவே நான் ஓட்டியது 40,000, மிச்சம் 35,000. அதற்கு 1,008 டாலர், ரத்துக் கட்டணம் 50 போக 958 வரவேண்டும்.

ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் தொடக்க மைல் 18,000 என்று இருந்த கட்டத்தை வட்டம் போட்டு, இந்தக் கணக்கையும் எழுதி அனுப்பினேன். டீலரிடம் மூன்று முறை போன் செய்தும் "பார்க்கிறோம்" என்பதே பதில். நிறுவனத்தில் பேசிய அம்மா அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்து, தவறு என்று உடனே ஒத்துக்கொண்டார். ஆறு வாரத்தில் 958 டாலருக்குச் செக் வந்தது.

காருக்குத் தனியாக எடுத்திருந்த சர்வீஸ் பேக்கேஜில் மிச்சமிருந்த இரண்டு ஆயில் மாற்றங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. பணம் திரும்பத் தரப்படாது என்று அதன் தாளிலேயே இருந்தது. காரைக் கொடுப்பதற்கு முந்தின வாரம் ஒன்றையாவது செய்துகொண்டிருக்கலாம்.