பல்பு பளிச்சென்று எரிந்தால் போதுமா? மூன்று காயில்களை வைத்து அளந்து பார்த்தது

கம்பியில்லாமல் பல்பு எரியவைக்கும் செய்முறையில் பலரும் காயில்களை நகர்த்தி, வெளிச்சம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு வேண்டியது எண்கள். ஒரே நீளக் கம்பியை வெவ்வேறு வடிவத்தில் சுற்றினால், எந்தத் தூரத்தில் எது எத்தனை சதவீதம் கடத்துகிறது என்று அளக்க வேண்டும்.

ஒவ்வொரு வடிவத்திலும் ஒரே மாதிரி இரண்டு காயில்: சப்ளை பக்கம் அனுப்பும் காயில், பல்பு பக்கம் ரிசீவர் காயில். ஒவ்வொரு காயிலுக்கும் 6 மீட்டர், 22 கேஜ் எனாமல் காப்பர் கம்பி. முதலாவது தட்டைச் சுருள்: உள்விட்டம் 4 செ.மீ., வெளிவிட்டம் 10 செ.மீ., 27 சுற்று. இரண்டாவது வளையம்: விட்டம் 16 செ.மீ., 12 சுற்று. மூன்றாவது பிவிசி குழாயில் சுற்றிய குழாய்ச் சுருள்: விட்டம் 4 செ.மீ. சொச்சம், நீளம் 5 செ.மீ., 45 சுற்று. வடிவம் இவ்வளவு மாறியும் மூன்றின் இண்டக்டன்ஸும் 50 முதல் 58 மைக்ரோஹென்றிக்குள் அடங்கிவிட்டது. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே 47 நானோஃபாரட் கெபாசிட்டரைத் தொடராக இணைத்தேன். ஒத்ததிர்வு 100 கிலோஹெர்ட்ஸை ஒட்டி அமைந்தது.

கெபாசிட்டர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. சப்ளை வெறும் 5 வோல்ட்தான். ஆனால் ஒத்ததிர்வில் காயிலில் 3 ஆம்பியருக்கு மேல் ஓடும்போது கெபாசிட்டர் முனைகளில் 100 வோல்ட்டைத் தாண்டுகிறது. பாலிப்ரொப்பிலீன் வகை, 630 வோல்ட் போட்டால் குளிர்ச்சியாகவே இருக்கிறது. பாலியெஸ்டர் வகை இந்த அதிர்வெண்ணில் சூடாகும். இன்னொன்று, 5 சதவீத டாலரன்ஸ் கொண்ட இரண்டு கெபாசிட்டர்கள் இரண்டு பக்க ஒத்ததிர்வையும் ஒன்றிலிருந்து ஒன்று 5 கிலோஹெர்ட்ஸ் வரை விலக்கிவிடலாம். என் காயிலின் அலைவரிசை அகலமே 1.6 கிலோஹெர்ட்ஸ்தான். அதனால் சின்ன கெபாசிட்டர்களைப் பக்க இணைப்பில் சேர்த்து, இரண்டு பக்கத்தையும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்து ஒன்றாக்கிக்கொண்டேன்.

டிரைவர் இரண்டு மாஸ்ஃபெட் கொண்ட அரைப்பாலம். உள்ளே போகும் திறனை 5 வோல்ட் டிசி பக்கத்திலேயே அளந்தேன். வெளியே வருவதை 10 ஓம் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரின் குறுக்கே ஆசிலோஸ்கோப்பை வைத்து அளந்தேன். சாதாரண மல்டிமீட்டரின் ஏசி அளவை 100 கிலோஹெர்ட்ஸில் நம்ப முடியாது. கம்பி சுற்றிய ரெசிஸ்டரும் வேண்டாம், அதுவே ஒரு காயில்.

முதலில் வளைய ஜோடி. ரெசிஸ்டருக்குப் பதில் 6 வோல்ட், 3 வாட் பல்பை மாட்டினால் வேடிக்கை தெரியும். 2 செ.மீ. இடைவெளியில் பல்பு மங்கலாகத்தான் எரிகிறது. தள்ளிக்கொண்டே போக வெளிச்சம் கூடுகிறது. 8, 10 செ.மீ. வாக்கில் உச்சம் தொட்டு, பிறகுதான் குறைகிறது. பார்ப்பவர்கள் எல்லாரும் தள்ளி வைத்தால் நன்றாகக் கடத்துகிறது என்றே சொல்வார்கள். சப்ளையின் ஆம்பியர் காட்டியைப் பார்த்தால் கதை வேறு. 2 செ.மீ.யில் 0.1 ஆம்பியர், 8 செ.மீ.யில் 0.72, 16 செ.மீ.யில் 1.58. ரிசீவரை முழுதாக எடுத்துவிட்டால் 1.8!

காரணம் இதுதான். ரிசீவர் காயிலில் உள்ள லோடு, அதாவது பல்போ 10 ஓம் ரெசிஸ்டரோ, அனுப்பும் காயிலுக்குள் ஒரு மின்தடையாகத் தெரிகிறது. கிட்டே இருக்கும்போது அந்தத் தடை 10 ஓமுக்கு அருகில் இருப்பதால் சப்ளையிலிருந்து கொஞ்சம்தான் இழுக்கிறது. ஆனால் இழுத்ததில் பெரும்பகுதி லோடுக்குப் போய்ச் சேருகிறது. தள்ளிப் போகப் போக அந்தத் தடை சுருங்கி, கடைசியில் காயிலின் சொந்தத் தடையான அரை ஓம் மட்டும் மிஞ்சுகிறது. சப்ளை கொட்டுகிற திறனெல்லாம் அனுப்பும் காயிலைச் சூடாக்கத்தான். 8 செ.மீ.யில் உள்ளே 3.6 வாட், 10 ஓமின் குறுக்கே 4.55 வோல்ட், அதாவது 2.07 வாட். செயல்திறன் 57 சதவீதம். பல்பு மங்கலாக எரிந்த 2 செ.மீ.யில் 89 சதவீதம்.

அதே 10 ஓமோடு 16 செ.மீ.யில் 12 சதவீதம்தான் வந்தது. இங்கே காயிலைக் குறை சொல்லுமுன் லோடைப் பார்க்க வேண்டும். தொடர் கெபாசிட்டர் அமைப்பில் எட்டக்கூடிய உச்சச் செயல்திறனும், அதற்கேற்ற லோடும் இப்படி வரும்:

```
X = k² · Q1 · Q2
உச்சச் செயல்திறன் = X / (1 + √(1+X))²
சரியான லோடு = R2 · √(1+X)
```

இதில் k என்பது இரண்டு காயிலுக்கும் இடையிலான பிணைப்பு. எல்.சி.ஆர். மீட்டரில் இரண்டு காயிலையும் தொடராக இணைத்து ஒருமுறை, ஒன்றைத் திருப்பி இணைத்து இன்னொரு முறை அளந்து, வித்தியாசத்தை நான்கால் வகுத்தால் பரஸ்பர இண்டக்டன்ஸ் கிடைக்கும். 8 செ.மீ.யில் வளையத்துக்கு 109.2, 90.8 என்று வந்தது. வித்தியாசத்தில் கால்பங்கு 4.6 மைக்ரோஹென்றி, அதை 50 ஆல் வகுக்க k 0.092. Q என்பது ஒத்ததிர்வு அதிர்வெண்ணை அலைவரிசை அகலத்தால் வகுத்தது. என் காயில்களில் 60ஐ ஒட்டி. R2 ரிசீவர் காயிலின் தடை.

இதன்படி 2 செ.மீ.க்கு 10 ஓம் பொருத்தமான லோடு. 16 செ.மீ.க்கு 1 ஓம் வேண்டும். மாற்றிப் போட்டதும் 12 சதவீதம் 31 ஆனது. காயிலை யாரும் தொடவில்லை. எனவே வடிவங்களை ஒப்பிடும்போது ஒவ்வொரு தூரத்துக்கும் லோடை மாற்றியே அளந்தேன். லோடை மாற்றாமல் போடுகிற ஒப்பீட்டில் காயிலின் குணமும் லோடின் பொருத்தமும் கலந்துவிடும்.

2 செ.மீ.யில் தட்டைச் சுருள் 91 சதவீதம், வளையம் 89. தட்டையின் எல்லாச் சுற்றும் ஒரே தளத்தில், எதிர்க் காயிலுக்கு நேர் முன்னே இருக்கிறது. வளையத்துக்கு 12 மி.மீ. தடிமன், அதன் பின்சுற்றுகள் சற்றுத் தள்ளிப்போகின்றன. 4 செ.மீ.யில் 81க்கு 84 என்று வளையம் முந்தியது. 8இல் 49க்கு 68. 12இல் 17க்கு 49. தூரத்தைக் காயிலின் ஆரத்தோடு ஒப்பிட்டால் புரியும்: ஆரத்தைத் தாண்டியதும் பிணைப்பு ஏறக்குறைய தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் சரியத் தொடங்குகிறது. அந்தச் சரிவு 16 செ.மீ. வளையத்துக்குத் தாமதமாகத்தான் வருகிறது. குழாய்ச் சுருள் 2 செ.மீ.யிலேயே 47, 8 செ.மீ.யில் 4. பின்பக்கச் சுற்றுகள் எதிர்க் காயிலிலிருந்து வெகு தூரம். கம்பியின் பாதி வீண்.

2007இல் எம்.ஐ.டி. குழு 2 மீட்டருக்கு மேல் தள்ளி 60 வாட் பல்பை சுமார் 40 சதவீதச் செயல்திறனோடு எரியவைத்தது. அவர்களுடைய காயிலின் ஆரம் 30 செ.மீ.தான், அதாவது தூரம் ஆரத்தைப்போல் ஆறு மடங்குக்கு மேல். சுமார் 10 மெகாஹெர்ட்ஸில் இயங்கிய அந்தக் காயிலின் Q ஆயிரத்தை நெருங்கியது. சூத்திரத்தில் k சரிந்ததை Q ஈடுகட்டுகிறது.

அதைச் சின்ன அளவில் பார்க்க, வளைய ஜோடியை லிட்ஸ் கம்பியில் மறுபடி சுற்றினேன். 100 கிலோஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் சுமார் 0.2 மி.மீ. ஆழத்துக்குள் நெருக்கப்படுகிறது; பக்கத்துச் சுற்றின் காந்தப்புலம் அதை இன்னும் ஒரு ஓரத்துக்குத் தள்ளுகிறது. தனித்தனியாகக் காப்பிட்ட மெல்லிழைகளை முறுக்கிய லிட்ஸில் இந்த நெருக்கடி வெகுவாகக் குறைகிறது. Q 140க்கு ஏறியது. 16 செ.மீ.யில் 31 ஆக இருந்த செயல்திறன் 57 ஆனது.

கூடவே இரண்டு தொல்லை வந்திருக்கிறது. அலைவரிசை அகலம் 0.75 கிலோஹெர்ட்ஸாகக் குறுகியதால், ஓர் இரும்பு ஸ்கேலை அருகில் வைத்தாலே ஒத்ததிர்வு விலகி வெளியீடு விழுகிறது. ரிசீவர் இல்லாதபோது அனுப்பும் காயிலின் தடை கால் ஓம் மட்டுமே என்பதால், சப்ளையின் 2 ஆம்பியர் வரம்பு உடனே தட்டுகிறது. இப்போதைக்கு மர மேசையும், ரிசீவரை வைத்த பிறகே சுவிட்ச் போடும் பழக்கமும். அடுத்ததாக அனுப்பும் காயிலின் மின்னோட்டத்தை உணர்ந்து, அளவு மீறினால் டிரைவரை நிறுத்தும் சர்க்யூட்டைச் சேர்க்கப் போகிறேன்.