ஒரு பவுன்

நவம்பர் 21
நகைச் சீட்டில் பதினோராவது தவணையும் கட்டியாச்சு. ஐயாயிரத்துக்கு 0.433 கிராம் வரவு. தையில் இதே ஐயாயிரத்துக்கு 0.671 வைத்தார்கள். கார்டில் மொத்தம் 6.020. மீதி இரண்டு கிராமுக்கு மட்டும் பணம் புரட்டினால் போதும்.

நவம்பர் 24
தெற்காவணி மூல வீதியில் கால் வைக்க இடமில்லை, அவ்வளவு முகூர்த்தக் கூட்டம். எட்டு கிராமில் பூ வேலை செய்த செயின். பார்த்ததுமே அத்தை, "இதுதான் மாமன் சீரு" என்றார்கள். கிராம் 11,500 விலைக்கு, குறைகிற 1.980 கிராமுக்கு 22,770 என்று வீட்டிலேயே கணக்குப் போட்டு எடுத்துப் போயிருந்தேன். பில் 33,073.

சீட்டில் சேர்க்கும்போது கடைப் பெண் "செய்கூலி, சேதாரம் எதுவும் கிடையாதுக்கா" என்று என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். இப்போது வேறு கிளையில் இருக்கிறாளாம்.

நவம்பர் 25
கார்டின் பின்பக்கம். எறும்பு எழுத்து. 16 சதவீதம் வரைதான் சேதாரம் தள்ளுபடி, அதுவும் சேர்ந்த எடைக்கு மட்டும். பதினோரு மாதம் பர்ஸிலேயே இருந்த கார்டு.

நவம்பர் 26
பில்லில் சேதாரம் 20. தூக்கமில்லை. நாலு சதவீதம்.

நவம்பர் 27
கீழ்வீட்டு அண்ணன் இருபது வருஷம் நகைப் பட்டறையில் இருந்தவர். பில்லைப் பிரித்துக் காட்டினார். செயினுக்குச் சேதாரம் 20. என் 6.020 கிராமுக்கு 16 போக நாலு சதவீதம், 2,769 ரூபாய். புதிதாக வாங்கும் 1.980 கிராமுக்குச் சலுகையே இல்லை, முழு இருபதும் விழும், 4,554. ஜிஎஸ்டி மூணு சதவீதம் நான் கையில் கொடுக்கும் பணத்துக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். இல்லையாம், முழு நகைக்கும் சேர்த்து 2,980.

"இருபது சதவீதம் தங்கம் பட்டறையில சேதமானா ஆசாரி எல்லாம் மாடி வீடு கட்டிருப்போம்மா" என்று சிரித்தார். சேதாரம் என்பது பேர்தானாம், விலை டிசைனுக்காம். முதலில் டேக்கில் சதவீதத்தைப் பார், பிறகு நகையைப் பார் என்றார். போன தையில் இவரிடம் ஏன் கேட்கவில்லை?

நவம்பர் 28
வீட்டுக்காரர் கடையில் சத்தம் போட்டாராம். மேலாளர் காபி வாங்கிக் கொடுத்து, கார்டைத் திருப்பிக் காட்டினாராம். எழுதினதுதான் கணக்கு. சொன்னதுக்குச் சாட்சி நான் மட்டும்.

நவம்பர் 29
பதினைந்து சதவீதத்தில் ஒரு செயின் இருக்கிறது, வெறும் முறுக்கு. 29,048 வருகிறது. நாலாயிரம் மிச்சம். அத்தையிடம் படம் காட்டினேன். வாயே திறக்கவில்லை, வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார்கள்.

நவம்பர் 30
நாத்தனார் போன். அழகர்கோவிலில் மண்டபம் சொல்லியாச்சாம், ஏழாம் தேதி காலையே சீர் வந்துவிட வேண்டுமாம். கடைசியில், "மதினி, அம்மா சொன்னாங்க, பூ வேலை செயினாமே?" என்றாள்.

ம் என்றேன்.