எக்கி நிற்கச் சொன்னேன்

ஜூன் 9, திங்கள்

நாலு வயதுப் பையன். ஈரக்காலோடு நடந்தால் பாதம் முழுக்கத் தரையில் பதிகிறதாம். "தட்டைக்கால், பின்னாடி போலீஸ் வேலைக்கு எடுக்க மாட்டாங்க" என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். அம்மா வாங்கி வைத்திருந்த இன்சோலைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

பின்னால் போய்க் குந்திப் பார்த்தேன். நிற்கும்போது குதிகால் இரண்டும் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தன, உள்ளங்கால் குழிவைக் காணோம். "அந்த சாக்லேட்டை எக்கி எடு தம்பி" என்றேன். எக்கியதும் குதிகால்கள் உள்பக்கம் திரும்பின, குழிவும் விழுந்தது. காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தபோதும் அப்படியே. குதிகால் தசைநாண் இறுக்கமில்லை, வலியும் இல்லை.

எக்ஸ்ரே வேண்டாம், இன்சோலும் வேண்டாம் என்றேன். தளர்ந்த தசைநார்கள் இறுக இறுக, பத்து வயதுக்குள் பெரும்பாலும் வளைவு தானே வரும். இன்சோல் அதை உண்டாக்காது. வளர்ந்த பிறகும் சிலருக்குத் தட்டையாகவே இருக்கும். வலிக்காதவரை அது நோயல்ல. மணிப்பால் மருத்துவர்கள் ராவும் ஜோசப்பும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், செருப்புப் போட்ட பிள்ளைகளில் 8.6 சதவீதமும் வெறுங்காலோடு திரிந்தவர்களில் 2.8 சதவீதமும் தட்டைப் பாதம். வீட்டுக்குள்ளாவது வெறுங்காலோடு ஓடட்டும் என்றேன்.

கிளம்பும்போதுதான் சுவரில் சாய்ந்திருந்த அண்ணனைக் கவனித்தேன். பன்னிரண்டு வயது, வலது கணுக்காலில் கிரேப் பேண்டேஜ். "இவனுக்கு ஆறு மாசத்துல மூணாவது சுளுக்கு டாக்டர், ஃபுட்பால் ஆடுறான்ல."

அவனையும் எக்கச் சொன்னேன். இடது குதிகால் திரும்பியது, வலது அசையவே இல்லை. குதிகாலைப் பிடித்து இருபுறமும் ஆட்டினேன். பூட்டுப் போட்ட மாதிரி இருந்தது. கெண்டைக்காலின் வெளிப்புறத் தசைகள் விறைத்து நின்றன. மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைய வேண்டிய மூட்டு கணுக்காலுக்குக் கீழே உள்ளது. அது பூட்டிக்கொண்டால் சுமை கணுக்காலுக்குப் போகும். சுளுக்குக்குக் காரணம் ஃபுட்பால் மட்டுமல்ல.

ஜூன் 12, வியாழன்

மூட்டுவாதமோ தொற்றோ என்று பார்க்க எடுத்த ரத்தப் பரிசோதனை சுத்தம். முன்பு வேறிடத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் 'நார்மல்' என்றிருந்தது. நேராகவும் பக்கவாட்டிலும் மட்டும் எடுத்தால் இது எளிதில் தப்பிவிடும். சாய்வாக எடுத்த படத்தில் குதிகால் எலும்பையும் பாதத்தின் நடுவிலுள்ள படகெலும்பையும் சேர்த்து ஒரு பாலம் தெரிந்தது. பிறவியிலேயே இருப்பதுதான், குருத்தெலும்பாக இருக்கும்வரை வளைந்துகொடுக்கும், எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் எலும்பாக மாறும்போது வலி தொடங்கும். வேறு பாலம் உண்டா என்று சிடி எடுத்தோம், இல்லை. ஆறு வாரம் மாவுக்கட்டு.

"அப்ப அந்த இன்சோலை இவனுக்குப் போடலாமா?" என்றார் அம்மா. அசையாத பாதத்தில் வளைவைத் திணித்தால் வலிதான் கூடும் என்றேன்.

ஜூலை 24, வியாழன்

கட்டைப் பிரித்தாயிற்று. வலி போய்விட்டது. குதிகால் இன்னும் திரும்பவில்லை, திரும்பாது என்று முன்பே சொல்லியிருந்தேன். வலி திரும்பாவிட்டால் இப்படியே விட்டுவிடலாம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இரண்டே வாரம் விளையாடியிருக்கிறான், பழைய வலி. பாலத்தை வெட்டியெடுத்து, எலும்பு மறுபடி ஒட்டாமலிருக்க அந்த இடைவெளியில் கொழுப்பை வைப்போம். காலாண்டுப் பரீட்சை முடியட்டும் என்றார் அம்மா. சின்னவன் அதற்குள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்தான்.