மைனஸ் 4.2 எங்கிருந்து வந்தது?

ஓர் ஆய்விதழுக்கு வரும் கட்டுரைகளில், கூடவே அனுப்பப்படும் நிரல் உண்மையிலேயே அட்டவணையில் உள்ள எண்களைத் தருகிறதா என்று பார்ப்பது கடந்த சில ஆண்டுகளாக என் பக்கத்து வேலை. பெரும்பாலும் இரண்டு நாளில் முடிந்துவிடும். இந்த ஒரு கட்டுரை மட்டும் மூன்று வாரம் பிடித்தது, அதுவும் ஒரே ஓர் எண்ணுக்காக.

ரத்த அழுத்த சிகிச்சை ஒன்றைப் பற்றிய ஆய்வு. சிகிச்சைக் குழுவில் 592 பேர், ஒப்பீட்டுக் குழுவில் 602 பேர். முதல் வருகைக்கும் கடைசி வருகைக்கும் இடையே மேல் அழுத்தம் எவ்வளவு குறைந்தது என்பதே கேள்வி. இரண்டு குழுக்களுக்கும் உள்ள வேறுபாடு −4.2, திட்டப்பிழை 1.1 என்று இரண்டாம் அட்டவணை சொன்னது. உடன் வந்தவை நிரலும் அதன் விடைகளும் கட்டம் கட்டமாக ஒரே கோப்பில் இருக்கும் ஒரு ஜூபிட்டர் நோட்புக், இரண்டு சிஎஸ்வி கோப்புகள், பதிப்பு எண் எதுவும் இல்லாமல் நான்கு நூலகங்களின் பெயர்கள் மட்டும் எழுதிய ஒரு `requirements.txt`.

நோட்புக் கைக்கு வந்ததும் ஓட்டிப் பார்க்கத்தான் கை துடிக்கும். நான் முதலில் ஒரு நகல் எடுத்து, அசலைத் தொடாமல் வாசிப்பேன். அதில் சேமிக்கப்பட்டுள்ள விடைகள், எழுதியவரின் கணினியில் அன்று நடந்ததற்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி. அதன் மேலேயே ஓட்டினால் சாட்சி அழிந்துவிடும். ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் அது எத்தனையாவதாக ஓடியது என்ற எண் இருக்கும். இந்த நோட்புக்கில் அவை 1, 2, 3, 9, 47, 12, 48 என்று போயின. அதாவது கட்டங்கள் மேலிருந்து கீழாக ஓடவில்லை. இடையில் ஓடிய பல கட்டங்கள் இப்போது இல்லவே இல்லை. அட்டவணையைத் தந்தது 47 ஆம் எண் கட்டம். அதன் கீழே −4.2 இருந்தது. ஆக, எண்ணைக் கட்டுரைக்குக் கொண்டுபோனதில் தவறில்லை.

பிறகு புதிய சூழலில் முதலிலிருந்து ஓட்டினேன்:

```
jupyter nbconvert --to notebook --execute analysis.ipynb --output check.ipynb
```

நான்காவது கட்டத்திலேயே நின்றது: `NameError: name 'df_clean' is not defined`. எனக்கு ஆச்சரியமில்லை. கிட்ஹப்பிலிருந்து திரட்டிய லட்சக்கணக்கான நோட்புக்குகளை மறுபடி ஓட்டிப் பார்த்து 2019-இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய 24 விழுக்காடுதான் பிழையின்றி ஓடி முடிந்தன. பழைய விடைகளையே தந்தவை 4 விழுக்காட்டளவுதான்.

`df_clean` உருவான கட்டத்தை யாரோ அழித்துவிட்டிருந்தார்கள். இங்கேதான் சேமித்த விடைகள் கைகொடுத்தன. இரண்டாம் எண் கட்டத்தின் கீழே தரவின் அளவு `(4318, 7)` என்று இருந்தது. ஒன்பதாம் எண் கட்டத்தின் கீழே `(4276, 7)`. இடையில் 42 வரிகள் காணாமல் போயிருக்கின்றன. எந்த 42? அழுத்தம் என்ற நெடுவரிசையில் 23 இடங்கள் காலியாக இருந்தன. 19 இடங்களில் 999 என்று இருந்தது. அளவீடு எடுக்க முடியாதபோது இடும் குறியீடு அது. இரண்டையும் நீக்கினால் சரியாக 42. நபர்களின் எண்ணிக்கையும் 1,194 என்று கட்டுரையில் உள்ளபடியே வந்தது. இது என் ஊகம்தான் என்பதை அறிக்கையில் எழுதி வைத்துக்கொண்டு மேலே போனேன்.

அட்டவணையில் 24 எண்கள். ஒப்பிடும்போது நான் பின்பற்றும் விதி எளிது: அச்சிட்ட கடைசி இலக்கத்தில் பாதிக்குள் என் விடை இருக்க வேண்டும். −4.2 என்றால் −4.15-க்கும் −4.25-க்கும் நடுவே. அந்த விதிப்படி 17 எண்கள் பொருந்தின. பதினெட்டாவது ஒரு விளிம்பு வழக்கு. 592 பேரில் புகைபிடிப்பவர்கள் 37, அதாவது துல்லியமாக 6.25 விழுக்காடு. பைத்தானில் ஒரு தசம இடத்துக்கு அச்சிட்டால் 6.2 வரும், சரிபாதியில் நிற்கும் எண்ணை அது இரட்டைப்படை இலக்கத்தின் பக்கம் தள்ளும். விரிதாளில் அதே எண் 6.3 ஆகும். கட்டுரையில் 6.3 இருந்ததால், எண்கள் நடுவே ஒரு விரிதாளில் தங்கி வந்திருக்கின்றன என்று புரிந்தது. பத்தொன்பதாவது, சராசரி வயது: நிரல் 53.7 என்றது, கட்டுரையில் 57.3. கையால் தட்டச்சு செய்தபோது இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன. இவை இரண்டும் ஆளுக்கொரு வரியில் முடிகிற சங்கதி.

மீதி ஐந்தும் அழுத்தம் சார்ந்தவை. ஐந்துமே சற்று விலகின. முக்கியமான வேறுபாடு எனக்கு −3.7 என்று வந்தது.

முதலில் என் 42 வரி ஊகத்தைத்தான் சந்தேகப்பட்டேன். வேறு வகையில் நீக்கினால் நபர் எண்ணிக்கை பொருந்தவில்லை. அடுத்து பதிப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்ததில் ஒரு வாரம் போயிற்று. சலித்துப்போய், அதே பதிப்புகளை என் பழைய மடிக்கணினியில் நிறுவி ஓட்டினேன். −4.0 வந்தது. நிரலில் எங்குமே ரேண்டம் எண்கள் கிடையாது. ஒரே கணினியில் எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விடை. கணினி மாறினால் மட்டும் விடை மாறுகிறது. இப்படி ஒன்றைப் பார்த்தால் எனக்கு வரிசைப்படுத்தலின் மேல்தான் சந்தேகம் விழும்.

முதல் வருகையைத் தேர்ந்தெடுக்கும் நிரல் இது:

```python
first = (df_clean.sort_values("day")
                 .drop_duplicates("pid", keep="first"))
```

`pid` என்பது நபரின் அடையாள எண், `day` என்பது ஆய்வில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணிய முழு எண். நாள்வாரியாக வரிசைப்படுத்தி, ஒவ்வொருவருக்கும் முதலில் வரும் வரியை வைத்துக்கொள்கிறது. பார்வைக்குப் பழுதில்லை. ஒரே நபருக்கு ஒரே நாளில் இரண்டு வரிகள் இருந்தால்?

```python
dup = df_clean[df_clean.duplicated(["pid", "day"], keep=False)]
dup["pid"].nunique()
```

211. ஒரே அமர்வில் இரண்டு முறை அழுத்தம் பார்த்து, இரண்டையும் தனித்தனி வரியாகப் பதிந்திருக்கிறார்கள். அவற்றில் எது முதலில் வரும் என்று நிரல் எங்கும் சொல்லவில்லை.

இந்த நிரல் பயன்படுத்தும் பைத்தான் நூலகமான பாண்டாஸில் ஒற்றை நெடுவரிசையை வைத்து வரிசைப்படுத்தும்போது, நாம் வேறு சொல்லாவிட்டால் குவிக்சார்ட் முறைதான் பயன்படும். சமமான மதிப்புள்ள வரிகளைக் கோப்பில் இருந்த ஒழுங்கிலேயே விட்டுவைப்பதாக அது வாக்குக் கொடுப்பதில்லை. அடியில் வேலை செய்யும் நம்பை நூலகம் 1.25 பதிப்பிலிருந்து, ஏவிஎக்ஸ்-512 வசதியுள்ள செயலிகளில் இதற்கு வேறொரு வேகமான வழியை எடுக்கிறது. வழி மாறினால் சமமான வரிகள் நிற்கும் ஒழுங்கும் மாறலாம். என் அலுவலகக் கணினியில் அந்த வசதி இருந்தது. பழைய மடிக்கணினியில் இல்லை.

இதைக் கண்டுபிடிக்கும் வழியில் நானே என்னை ஒருமுறை ஏமாற்றிக்கொண்டேன். சந்தேகம் வந்த அன்றே ஆறு வரியில் ஒரு பொம்மைத் தரவு செய்து, மடிக்கணினியில் வரிசைப்படுத்திப் பார்த்திருந்தேன். ஒழுங்கு குலையவில்லை, ‘இது காரணமில்லை’ என்று குறித்து வைத்தேன். நம்பையின் வழக்கமான குவிக்சார்ட், துண்டுகள் 16 உறுப்புகள் அளவுக்குச் சிறுத்துவிட்டால் இன்செர்ஷன் சார்ட்டுக்கு மாறிவிடும். அது ஒழுங்கைக் குலைக்காது. ஆறு வரிகளில் குவிக்சார்ட் நடக்கவே இல்லை. நான்காயிரம் வரிகளில் நடக்கிறது.

நிரூபிக்க வேண்டுமே. தரவைச் சீட்டுக்கட்டைப் போலக் கலைத்துவிட்டு முழு நிரலையும் ஓட்ட வேண்டியதுதான். வரிகளின் ஒழுங்குக்கு எந்த அர்த்தமும் இல்லையென்றால் விடை அசையக் கூடாது.

```python
out = []
for s in range(200):
    d = df_clean.sample(frac=1, random_state=s)
    out.append(run_table2(d))
```

200 முறையில் வேறுபாடு −3.5-இலிருந்து −4.3 வரை ஆடியது. என்னுடைய −3.7, மடிக்கணினியின் −4.0, கட்டுரையின் −4.2 மூன்றும் அந்த வீச்சுக்குள்ளேயே இருந்தன. கட்டுரையாளரின் எண் பொய்யுமில்லை, கணக்குப் பிழையுமில்லை. அவருடைய கணினி அன்று எடுத்த சீட்டு அது. இப்போது என் சரிபார்ப்பில் இந்தக் கலைத்துப் பார்க்கும் சோதனையை எல்லா நிரலுக்கும் செய்கிறேன். ஐந்து நிமிட வேலை, பதிப்புகளைத் துருவும் ஒரு வாரத்தை மிச்சப்படுத்துகிறது. ஒன்று மட்டும்: காலத் தொடர் போல வரிகளின் ஒழுங்கிலேயே பொருள் இருக்கும் தரவில் இது செல்லாது.

`kind="stable"` என்று ஒரு சொல் சேர்த்தால் எல்லாக் கணினிகளிலும் ஒரே எண் வரும். அப்படித் திருத்தி அனுப்பச் சொல்லலாமா என்று இதழாசிரியர் கேட்டார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சமமான வரிகளில் கோப்பில் மேலே இருப்பதை அது எடுக்கும். கோப்பில் எது மேலே இருக்கிறது என்பதற்கு யார் பொறுப்பு? மறுபடியும் மறுபடியும் அதே எண் வருவதால் அது சரியான எண் ஆகிவிடாது. எந்த அளவீட்டைக் கணக்கில் எடுக்க நினைத்தார்கள் என்பதைக் கட்டுரையாளரிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்டோம். 42 வரிகளை எப்படி நீக்கினார்கள் என்பதையும், ஒரே நாளில் இரண்டு அளவீடு இருந்தால் என்ன செய்ய நினைத்திருந்தார்கள் என்பதையும் இரண்டே கேள்விகளாக, என் 200 விடைகளின் படத்தோடு அனுப்பினேன். குற்றம் சாட்டும் தொனி வந்துவிடக் கூடாது என்று கடிதத்தை மூன்று முறை திருத்தி எழுதினேன். நான்கு நாளில் பதில் வந்தது. முதல் ஊகம் சரி: காலியும் 999-உம்தான். இரண்டாவதற்கு, “இரண்டின் சராசரியை எடுப்பதாகத்தான் ஆய்வுத் திட்டத்தில் எழுதியிருக்கிறோம். நிரலில் அது இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தோம்” என்று எழுதியிருந்தார். முதன்முதலில் நிரல் எழுதிய மாணவர் குழுவிலிருந்து போய்விட்டாராம். அழிந்துபோன கட்டங்களில் ஒன்றில் அந்தச் சராசரி இருந்திருக்கலாம். இப்போது யாராலும் சொல்ல முடியாது.

திருத்திய நோட்புக்கில், வரிசைப்படுத்துவதற்கு முன் `pid`, `day` இரண்டையும் வைத்துத் தொகுத்துச் சராசரி எடுத்திருந்தார்கள். கட்டங்களின் எண்கள் 1 முதல் 14 வரை ஒன்றுவிடாமல் இருந்தன. இரண்டு கணினிகளிலும் ஓட்டினேன், −3.9. கலைத்து 200 முறை ஓட்டினேன். 200 முறையும் −3.9. திட்டப்பிழை 1.1 ஆகவே இருந்ததால் கட்டுரையின் முடிவில் ஒரு சொல்லும் மாறவில்லை. அட்டவணையில் ஐந்து எண்கள் மாறின, வயதும் 53.7 ஆனது. 6.3-ஐ அப்படியே விட்டுவிடச் சொன்னேன்.