படுக்கையறையோடு கழிப்பறை: பிளம்பர் உயர்த்தச் சொன்ன ஆறு அங்குலம்

திருச்சியில் உள்ள எங்கள் வீடு தொண்ணூறுகளில் கட்டப்பட்ட தரைத்தள வீடு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரே கூரையைத் தாங்குகிறது. கழிப்பறை கொல்லைப்புறத்தில் தனியாக இருக்கிறது. மூட்டுவலியால் இரவில் அவ்வளவு தூரம் நடக்க முடியாமல் அம்மா தவித்ததால், அவருடைய படுக்கையறையின் ஒரு மூலையைத் தடுத்து, ஏழு அடிக்கு நாலரை அடியில் கழிப்பறையும் குளியலறையும் சேர்ந்த ஓர் அறை கட்ட முடிவு செய்தோம். தடுப்புச் சுவர், மின்இணைப்பு, தண்ணீர்க் குழாய் ஆகியவை சொன்னபடியே முடிந்தன. எங்களைப் படுத்தியதெல்லாம் கழிவுநீர் வெளியேறும் வழியும், தரை மட்டமும், காற்றுப் போக்கும்தான்.

முதலில் வந்த பிளம்பர் இடத்தைப் பார்த்தவுடனேயே, "தரையை ஆறு அங்குலம் தூக்கிவிடலாம் சார், உடைக்கிற வேலையே இருக்காது" என்றார். அவர் கணக்கு எளிது. சுவர் வழியாகக் கழிவு வெளியேறும் 'பி டிராப்' கோப்பையை வைத்தால், அதன் வாய் தரையிலிருந்து ஏறத்தாழ ஏழு அங்குல உயரத்தில் இருக்கும். சுவரில் ஓட்டை போட்டால் போதும், தரையைத் தொட வேண்டியதில்லை. அதுவரை அவர் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் குளித்த தண்ணீர் வடிய வேண்டிய நாணி டிராப் தரைக்குக் கீழேதான் உட்கார முடியும். அதற்குப் பள்ளம் தோண்ட மனமில்லாமல், அதற்கு மேல் மேடை கட்டிவிடலாம் என்பதே அவருடைய யோசனை.

முட்டி மடக்க முடியாதவருக்காகக் கட்டும் கழிப்பறைக்கு ஆறு அங்குலப் படி ஏறச் சொல்வது ஒரு கொடுமை என்றால், அறையைவிடக் குளியலறை உயர்ந்திருப்பது அதைவிடப் பெரிய தொல்லை. நாணி டிராப்பில் முடி அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கும் நாளில், அது நேராகக் கட்டிலுக்கு அடியில்தான் போய் நிற்கும். குளியலறையின் தரை, படுக்கையறைத் தரையைவிட ஓர் அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பழைய வீடுகளில் தரையைத் தூக்கச் சொல்லும் பிளம்பர்கள் அநேகமாக எல்லா ஊரிலும் உண்டு. சரிவு கிடைக்காது என்று அவர்கள் சொன்னால், உடனே நம்பாமல் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

அளப்பதற்குப் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டமே, அதாவது தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயே, போதும். கணக்கைக் கழிப்பறையிலிருந்து தொடங்காமல், கழிவு போய்ச் சேரும் சேம்பரிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும் என்பதுதான் முக்கியம். எங்கள் பக்கச் சந்தில் பாதாளச் சாக்கடை இணைப்புக்குப் போகும் சேம்பர் இருக்கிறது. அதன் மூடியைத் திறந்து பார்த்தபோது, உள்ளே ஓடும் வாய்க்காலின் அடிமட்டம் சந்தின் தரையிலிருந்து இருபத்திரண்டு அங்குல ஆழத்தில் இருந்தது. படுக்கையறைத் தரையோ சந்தைவிட இருபது அங்குல உயரம். ஆக, அறையின் தரைக்கும் சேம்பரின் அடிக்கும் இடையே மூன்றரை அடி வித்தியாசம் இருக்கிறது. கோப்பையிலிருந்து சேம்பர் வரை இருபத்தைந்து அடி தூரம். நாலங்குலக் குழாய்க்கு ஐம்பதுக்கு ஒன்று என்ற கணக்கில் சரிவு கொடுத்தால் தேவைப்படுவது ஆறு அங்குலம் மட்டுமே. மூன்றரை அடி கைவசம் இருக்கும்போது தரையை எதற்காகத் தூக்க வேண்டும் என்று கேட்டதற்கு, "உங்க இஷ்டம் சார்" என்பதே பதிலாக வந்தது.

தரையைத் தோண்டும்போது அடுத்த சிக்கல் எழுந்தது. பேஸ்மட்டத்தின் மேல், சுவருக்கு அடியில், ஆறு அங்குலக் கனத்தில் பெல்ட் கான்கிரீட் ஓடுகிறது. நாணி டிராப்பிலிருந்து வரும் மூன்றங்குலக் குழாயை வெளியே கொண்டுபோக, உதவியாள் அந்தப் பெல்ட்டையே உளியால் கொத்தத் தொடங்கிவிட்டார். நல்லவேளையாக, கம்பி தெரியும் முன்பே கொத்தனார் சத்தம் போட்டு நிறுத்தினார். பெல்ட்டுக்குக் கீழே இன்னும் சில அங்குலம் தோண்டினால் அடித்தளத்தின் செங்கல் வந்துவிடும். குழாய் போக வேண்டியது அதன் வழியாகத்தான். எங்கள் வீட்டில் குழாய் தரைக்குக் கீழே ஓர் அடி ஆழத்தில் சுவரைக் கடந்தும்கூட, வெளியே சந்தின் தரையைவிட எட்டு அங்குலம் உயரத்தில்தான் எட்டிப் பார்த்தது. உயரமான பேஸ்மட்டம் உள்ள எந்த வீட்டிலும் இந்த வசதி இருக்கும்.

அடுத்து, சந்தில் குழாய் புதைத்த விதம். நாங்கள் இல்லாத நேரத்தில் பிளம்பர் ஆழம் தோண்டாமல் குழாயை மேலாகவே போட்டு, சேம்பரின் சுவரில் அடியிலிருந்து ஓர் அடி உயரத்தில் ஓட்டை போட்டுச் செருகி, சிமெண்டும் பூசிவிட்டார். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தோன்றும். சேம்பரின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, கோப்பையில் ஈரமாக்கிய செய்தித்தாள் துண்டுகளைப் போட்டு ஃபிளஷ் செய்து பார்த்தோம். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்த தண்ணீர் நாலாபுறமும் தெறித்தது. காகிதம் வாய்க்காலுக்குள் போகாமல், அதன் இரு பக்கத்திலும் உள்ள சிமெண்டுச் சரிவில் ஒட்டிக்கொண்டு நின்றது. காகிதத்துக்குப் பதில் மலம் என்றால் சில வாரங்களில் அங்கே என்ன சேர்ந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. புதிய குழாய் வாய்க்காலின் மட்டத்தை ஒட்டி, தண்ணீர் ஓடும் திசையிலேயே சற்று வளைந்து சேர வேண்டும். எதிர்த்திசையில் சேர்ந்தால் பழைய கழிப்பறையின் கழிவும் சேர்ந்து தேங்கும்.

மறுபடி தோண்டியபோது, குழாயின் நடுவில் ஒரு தொய்வும் இருந்தது தெரிந்தது. கண்பார்வையிலேயே சரிவு பார்த்துப் போட்டால் அப்படித்தான் ஆகும். நூல் கட்டி, ஐந்தடிக்கு ஓரங்குலம் கொஞ்சம் கூடுதலாக இறங்குகிறதா என்று ஒவ்வோர் இணைப்பிலும் அளந்து, அடியில் மணல் பரப்பிப் படுக்க வைத்த பிறகே மண்ணை மூடவிட்டோம். இந்த வேலைக்கும் சேர்த்துக் கூலி கேட்ட பிளம்பரோடு நடந்த வாக்குவாதத்தை இங்கே எழுதுவதாக இல்லை. முன்பணத்தில் மிச்சத்தைத் திருப்பித் தராமலேயே அவர் நின்றுவிட்டார் என்பதோடு விடுகிறேன்.

அவர் விட்டுப்போன இன்னொரு வினை, அறை புழங்க ஆரம்பித்த பிறகுதான் வெளிப்பட்டது. ஃபிளஷ் செய்யும்போதெல்லாம் நாணி டிராப்பிலிருந்து 'குளுக் குளுக்' என்று சத்தம் கேட்டது. பிறகு சாக்கடை வாடை வந்தது. பினாயில் ஊற்றினால் ஒரு மணி நேரம் அடங்கும், மறுபடி கிளம்பும். புதிதாக வந்த பிளம்பர் நாணி டிராப்பின் மேல் மூடியான ஜாலியைக் கழற்றி, கைவிளக்கை அடித்துப் பார்க்கச் சொன்னார். நாணி டிராப்பின் கிண்ணத்தில் இரண்டங்குலம் நிற்க வேண்டிய தண்ணீர், ஒரு முறை ஃபிளஷ் செய்ததும் எங்கள் கண்முன்னே உறிஞ்சப்பட்டு, அடியில் கொஞ்சம் மட்டும் மிஞ்சியது. அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கும் கதவு. அது போனால் வீடும் சாக்கடையும் ஒரே காற்றைச் சுவாசிக்கும்.

காரணம் இரண்டு. நாணி டிராப்பின் குழாயை வெளியே கோப்பையின் குழாயோடு நேரடியாக இணைத்திருந்தார்கள். அதோடு, கோப்பைக் குழாய் சுவரைவிட்டு வெளியே வரும் இடத்தில் மேல்நோக்கிப் போக வேண்டிய காற்றுக் குழாயைப் போடாமல், அங்கிருந்த 'டீ' இணைப்பின் மேல்வாயை மூடியால் அடைத்துவிட்டிருந்தார்கள். கோப்பையிலிருந்து ஒரே வீச்சில் இறங்கும் தண்ணீர் தன் பின்னால் காற்றை இழுக்கும். மேலே திறந்த வழி இல்லையென்றால், பக்கத்தில் இருக்கும் நாணி டிராப்பின் தண்ணீரைத்தான் இழுத்துக்கொண்டு போகும். நாங்கள் செய்த திருத்தமும் இரண்டுதான். மூன்றங்குலக் குழாயைப் பிரித்து, சந்தில் ஒரு கல்லி டிராப், அதாவது வாடையைத் தடுக்கத் தண்ணீர் நிற்கும் சிறு தொட்டி, வைத்து அதில் விழச் செய்து, அங்கிருந்து தனியாகச் சேம்பருக்குக் கொண்டுபோனோம். கோப்பைக் குழாயின் டீயிலிருந்து, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரையும் தாண்டி ஒரு காற்றுக் குழாயை உயர்த்தி, உச்சியில் ஓட்டை போட்ட மூடி மாட்டினோம். சத்தமும் வாடையும் அன்றே நின்றன. ஒரு வேளை வெயில் காலத்தில் ஊருக்குப் போய் வெகுநாள் கழித்துத் திரும்பும்போது வாடை வந்தால் பதற வேண்டாம். நாணி டிராப் வறண்டிருக்கும், ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் போதும்.

காற்றோட்ட விஷயத்தில் கொத்தனாரோடு ஒரு சிறு சண்டை. ஒன்றரை அடிக்கு ஓர் அடியில் கண்ணாடிச் சாளரம் ஒன்றை மேலே வைத்து, காற்றை வெளியேற்றும் மின்விசிறி மாட்டிவிட்டால் போதும் என்றார் அவர். இந்தியத் தேசியக் கட்டட விதித் தொகுப்பு குளியலறைக்கும் கழிப்பறைக்கும் வெளிக்காற்றை நோக்கிக் கேட்பது 0.37 சதுர மீட்டர் திறப்பு. அதாவது ஏறக்குறைய இரண்டடிக்கு இரண்டடி. மின்சாரம் இல்லாத இரவிலும் ஈரம் காய வேண்டும் என்பதால் அதையே வைக்கச் சொன்னோம். பாரம் தாங்கும் சுவர் என்பதால், மேலே லிண்டல் உட்காரவைத்து இறுகிய பிறகே கீழே செங்கல்லை எடுத்தார். அந்த நிதானத்துக்கு அவரைப் பாராட்ட வேண்டும்.

மின்விசிறியும் மாட்டினோம், ஆனால் முதல் வாரம் அது சுற்றியதே தவிர, கண்ணாடியில் படிந்த நீராவி விலகவில்லை. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கதவின் அடியில் பிடித்துப் பார்த்தபோது புகை அசையாமல் நேராக மேலே போனது. பிவிசி கதவு கீழ்ப்படிக் கல்லோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் கதவுப் பக்கமிருந்து காற்று உள்ளே வர வழியே இல்லை; திறந்திருந்த சாளரத்தின் காற்றையே விசிறி இழுத்துக்கொண்டிருந்தது. விசிறி சுற்றும்போது சாளரத்தை மூடிவிட்டு, கதவின் அடியை முக்கால் அங்குலம் அறுத்த பிறகு, ஊதுபத்திப் புகை உள்ளே வளைந்து ஓடியது. தரை ஓரங்குலம் தாழ்ந்திருப்பதால் அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் வெளியே வருவதும் இல்லை.

டைல்ஸ் ஒட்டும்போது, கதவிலிருந்து நாணி டிராப் வரையிலான ஏழடிக்கு ஓரங்குலச் சரிவு கேட்டிருந்தோம். கோப்பைக்குப் பின்னால் ஒரு கையளவு இடத்தில் தண்ணீர் தேங்கியது, கலவை இறுகும் முன்பே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததால் தெரிந்தது. அந்த நான்கு டைல்ஸையும் அன்றே எடுத்துத் திரும்ப ஒட்டினார்கள். தரையை மூடுவதற்கு முன் ஒவ்வொரு குழாயின் பக்கத்திலும் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்திருந்தோம். அம்மா பிடித்துக்கொண்டு எழுவதற்கான எஃகுக் கைப்பிடியைச் சுவரில் மாட்டும்போது, எந்த இடத்தில் துளையிடக் கூடாது என்பதை அந்தப் படத்தைப் பார்த்துத்தான் குறித்துக் கொடுத்தோம்.