கதை நாள் வேறு, ஷூட்டிங் நாள் வேறு: டிப்ளமோ படத்தில் கண்டினியூட்டி பார்த்த அனுபவம்

இறுதி ஆண்டில் வகுப்புத் தோழன் ஒருவன் எடுத்த 18 நிமிடக் குறும்படத்துக்கு நான்தான் கண்டினியூட்டி. காட்சிகளை முன்பின்னாக எடுத்தாலும் உடை, காயம், அசைவு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்க்கும் வேலை. அதற்குத் தனி மதிப்பெண் உண்டு. படம் முடிந்ததும் நான் எழுதிய நோட்டை வைத்து வைவாவும் நடக்கும். அடுத்து இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக, நான் என்ன திட்டம் போட்டேன், எங்கே கோட்டை விட்டேன் என்று எழுதுகிறேன்.

கதை சின்னதுதான். மகள் கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அப்பா காய் நறுக்கிக் கையை வெட்டிக்கொள்கிறார். கட்டுப் போட்ட கையோடு மிச்ச வேலைகளைப் பார்க்கிறார். மொத்தம் 14 காட்சிகள், கதையில் 4 நாள், ஷூட்டிங் 5 நாள். வீட்டின் ஹால் முதல் இரண்டு நாளுக்குத்தான் கிடைத்தது. அந்த வீட்டுச் சமையலறையில் கேமராவை வைக்க இடமில்லை என்பதால், கை வெட்டுப்படும் 5ஆம் காட்சியை வேறொரு வீட்டில் நான்காம் நாள் எடுப்பதாக முடிவானது. அதாவது, காயம் படுவதற்கு மூன்று நாள் முன்பே கட்டுப் போட்டாகிவிட்டது.

ஸ்கிரிப்ட் கைக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, ஒவ்வொரு காட்சிக்கும் கதை நாளும் நேரமும் எழுதியது. காட்சி 5 முதல் நாள் காலை பத்து மணி, காட்சி 9 இரண்டாம் நாள் மாலை, இப்படி. எழுத்தாளர் பல இடங்களில் 'பகல்' என்று மட்டும் போட்டிருப்பார். உட்கார்ந்து கேட்டு வாங்க வேண்டும். அப்புறம் கதை வரிசையிலேயே ஒரு அட்டவணை போட்டேன். ஷூட்டிங் வரிசையில் போட்டால் காயம் ஆறுகிறதா, அழுக்கு ஏறுகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. அட்டவணையில் உடைக்கு ஒரு எண், அந்த உடை இருக்கும் நிலைக்கு ஒரு எழுத்து. அப்பாவின் வெளிர்நீலச் சட்டை 1. சுத்தமாக இருந்தால் 1அ, கை மடித்துவிட்டால் 1ஆ, ரத்தக்கறையோடு இருந்தால் 1இ. கைக்கட்டுக்கும் இதே மாதிரி: புதுக்கட்டு, ஓரம் அழுக்கேறிய கட்டு, கடைசி நாளில் வெறும் பிளாஸ்டர். நெற்றி விபூதியையும் சேர்த்தேன். காலையில் மூன்று பட்டையும் தெளிவாக, மதியத்துக்கு மேல் கலைந்து. வியர்த்துத் துடைத்துக்கொள்ளும் நடிகருக்கு இதை எழுதாமல் விட்டால், ஒரே உரையாடலில் விபூதி வந்து வந்து போகும்.

ஒட்டிக்கொண்டு வரும் காட்சிகளைச் சிவப்பு மையில் கோடு போட்டு இணைத்தேன். 5இல் வெட்டு, 6இல் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஹால் வழியாக வெளியேறுகிறார், 7இல் தெருவில் நடக்கிறார். கதையில் ஐந்து நிமிடம். எங்களுக்கு 6 முதல் நாள், 5 நான்காம் நாள், 7 ஐந்தாம் நாள். இங்கே ஒரு காட்சி முடியும்போது எடுக்கிற போட்டோதான் அடுத்த காட்சிக்கான உத்தரவு. அதனால் ஓகே ஆன டேக்குக்குக் கட் சொன்னவுடனே, நடிகர் உட்காருவதற்குள், முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கைகள் என்று படம் எடுத்துவிடுவேன். முதல் போட்டோவில் மட்டும் ஒரு சீட்டைப் பிடிக்கச் சொல்வேன். அதில் காட்சி எண், கதை நாள், உடை எண் இருக்கும். போன் கேலரி எடுத்த நேரப்படி அடுக்குவதால், சீட்டு இல்லாவிட்டால் நான்காம் நாள் எதையும் தேடி எடுக்க முடியாது.

கறைக்காக ஒரே மாதிரிச் சட்டை இரண்டு வாங்கினோம். கறை படிந்ததை வைத்துக்கொண்டு, சுத்தமான காட்சிகளைப் பிறகு எடுக்க முடியாதே. சட்டைப் பையின் அடி ஓரத்திலிருந்து எத்தனை விரல் கீழே கறை தொடங்குகிறது என்று அளந்து, பட்டர் பேப்பரை மேலே வைத்து அதன் வடிவத்தை வரைந்துகொண்டேன். 5ஆம் காட்சியில் ரத்தம் சொட்டும் இடம் அதோடு பொருந்த வேண்டுமே. ஒன்றைக் கவனிக்கவில்லை. சுத்தமான சட்டையை மட்டும் தினமும் துவைத்ததில் அது லேசாக வெளுத்துவிட்டது. கறை போடுவதற்கு முன்பே இரண்டையும் சேர்த்து நான்கைந்து முறை துவைத்திருக்க வேண்டும்.

சரி, பெரிய தவறுக்கு வருகிறேன். அட்டவணையில் 'கட்டு: இடது கை' என்று நானே எழுதியிருந்தேன். வலது கையில் கத்தி பிடித்தால் இடது கைதானே வெட்டுப்படும்? 6, 9 இரண்டு காட்சிகளையும் அப்படியே எடுத்துவிட்டோம். நான்காம் நாள் ஒத்திகையில் நடிகர் கத்தியை இடது கையில் எடுத்தார். முதல் நாள் முழுக்க அவர் சாப்பிட்டதும் காபி குடித்ததும் வலது கையால். வீட்டில் அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். மற்ற எல்லா வேலைக்கும் இடது கைதானாம். வலது கையால் நறுக்கச் சொன்னோம். பார்க்கவே பாவமாக இருந்தது, நாற்பது வருடம் சமைத்தவர் போல இல்லவே இல்லை. ஷாட்டை எடிட்டில் இடவலமாகத் திருப்பலாம் என்றான் ஒருவன். திருப்பினால் சட்டைப் பை வலது மார்புக்குப் போய்விடும், பொத்தான் பட்டியும் மாறும். கடைசியில் அந்த வீட்டு அம்மாதான் வழி காட்டினார். "அரிவாள்மணையில அரியச் சொல்லுங்க தம்பி." அதில் கத்தி அசையாது, காயைத்தான் இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளுகிறோம். எந்தக் கை வேண்டுமானாலும் வெட்டுப்படலாம். நடிகரும் இயல்பாகச் செய்தார். இன்று நானாக இருந்தால், முதல் வாசிப்பு அன்றே ஒவ்வொரு நடிகரிடமும் எழுதுவது, நறுக்குவது, பூட்டுத் திறப்பது எந்தக் கை என்று கேட்டு எழுதிவிடுவேன்.

அசைவுகளுக்குப் போட்டோ உதவாது. அதற்கு வசனத்தாளே போதும். 9ஆம் காட்சியில் அப்பா காபி குடித்துக்கொண்டே பேசுகிறார். காட்சி முழுவதையும் ஒரே ஓட்டமாக எடுக்கும் மாஸ்டர் ஷாட்டில் எந்தச் சொல்லில் டம்ளரை எடுக்கிறார், எந்தச் சொல்லில் வைக்கிறார் என்று அந்தச் சொல்லின் மேலேயே அம்புக்குறி போட்டேன். "பத்திரிகை இன்னும் வரல" என்பதில் 'இன்னும்' மேல் ஏறும் அம்பு. டேக் மாறினால் மை நிறம் மாறும். மூன்றாவது டேக் ஓகே, ஐந்தாவதையும் வைத்துக்கொள் என்று இயக்குநர் சொன்னால், இரண்டில் எதற்கு க்ளோஸப்பைப் பொருத்துவது என்று லைட் மாற்றும் நேரத்திலேயே அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். முதலில் கண்ணாடி டம்ளர் என்றுதான் இருந்தது. எவர்சில்வரை நான் கேட்டு வாங்கினேன். எவ்வளவு காபி மிச்சம் என்று வெளியே தெரியாது. ஒரு கவலை ஒழிந்தது.

தவறு தெரிந்தால் நேராக நடிகரிடம் போகாதீர்கள். இயக்குநரின் காதில் சொல்லுங்கள், அடுத்த டேக்குக்கு முன்னால். சில நேரம் "தெரியும், நடிப்பு நல்லா இருக்கு, விடு" என்பார். விட்டுவிட்டு, நோட்டில் டேக் எண்ணோடு எழுதிவைத்தால் போதும். எங்கள் ஐந்தாவது டேக்கில் டம்ளர் இரண்டு சொல் தாமதமாக ஏறுகிறது. எடிட்டர் இடையில் மகளின் முகத்தை வைத்து அதைக் கடந்துவிட்டார். கைக்கட்டு இடம் மாறியிருந்தால் அப்படிக் கடக்க முடியாது.

வைவாவில் தேர்வாளர் படத்தைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. நோட்டை எதேச்சையாகத் திறந்து, "காட்சி 7 தொடங்கும்போது துண்டு எந்தப் பக்கம் தொங்குகிறது?" என்றார். சிவப்புக் கோட்டைப் பிடித்து 6ஆம் காட்சியின் கடைசிப் போட்டோவுக்குப் போனேன். கட்டை விரல் பக்கம், முனை உள்ளே செருகியிருந்தது. அடுத்து அரிவாள்மணை பக்கத்தில் அடித்துத் திருத்தியிருந்த 'கத்தி'யைக் காட்டி, இது என்ன என்றார். நடந்ததைச் சொன்னேன்.