கழுத்தில் நானே போட்டுக்கொண்ட கோடு

அன்று ராத்திரி மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம்தான் மழை விட்டிருந்தது, ஜன்னல் திறந்து கிடந்தது. கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. என்னவென்று பார்க்காமலேயே விரலால் அழுத்தித் தேய்த்துத் தள்ளிவிட்டேன். கடித்த மாதிரியும் இல்லை, எரிச்சலும் இல்லை. அதோடு மறந்தும் போனேன்.

மறுநாள் முழுக்க ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாள் காலையில் கழுத்து காந்தியது. கண்ணாடியில் பார்த்தால், இடது பக்கத்திலிருந்து தொண்டைக்குழியைத் தாண்டி வலது பக்கம் வரைக்கும் சாட்டையால் அடித்தது போல ஒரு சிவப்புக் கோடு. மத்தியானத்துக்குள் அதன் மேல் பொடிப்பொடியாகக் கொப்புளங்கள் வந்துவிட்டன. நடுவில் சில சீழ் கோத்தது போல வெளிறி இருந்தன. சட்டைக் காலர் பட்டாலே உயிர் போனது.

வீட்டில் பார்த்தவுடனே "அக்கி" என்றார்கள். நானும் நம்பினேன். எரிச்சலும் கொப்புளமும் அதற்கும் உண்டே. இதற்கிடையில் சும்மா இராமல் சானிடைசரை வேறு எடுத்துத் தடவினேன். அந்த ஐந்து நிமிடத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

தோல் மருத்துவர் கோட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, "கையை மடக்கி நீட்டுங்க" என்றார். முழங்கை மடிப்பிலும் இரண்டு சிவப்புத் திட்டுகள் இருந்தன, மடிப்புக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. அரிப்பதாக நினைத்து நான் விட்டுவைத்திருந்தவை. கையை மடக்கினால் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்தன. பூச்சியைத் தேய்த்த விரலாலேயே அங்கே சொறிந்திருக்கிறேன். கையை மடக்கித் தூங்கும்போது ஒரு பக்கத்தில் இருந்தது மறுபக்கத்திலும் ஒற்றிக்கொண்டிருக்கிறது.

"அக்கி நரம்பு போற வழியில, உடம்புக்கு ஒரு பக்கமாத்தான் வரும். இது நடுக்கோட்டைத் தாண்டிப் போகுது பாருங்க. உங்க விரல் போன வழி இது" என்றார். அதற்கப்புறம்தான் எனக்கு அந்த ஜன்னலும் விளக்கும் ஞாபகம் வந்தன.

பூச்சி கடிக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. கொப்புள வண்டு என்று பொதுவாகச் சொல்லும் பெயரில் இரண்டு வகை அடங்கிவிடுகிறது என்று விளக்கினார். ஒன்று, நீளமான மென்மையான உடம்புள்ள அசல் கொப்புள வண்டு. அழுத்தினால் கால் மூட்டுகளிலிருந்து காந்தாரிடின் என்ற நஞ்சைக் கசியவிடும். அது பட்ட இடத்தில் சில மணி நேரத்திலேயே, பெரும்பாலும் மறுநாள் விடிவதற்குள், நீர்க்கொப்புளம் எழும்பிவிடும். பார்க்கப் பயமாக இருந்தாலும் வலி அவ்வளவு இருக்காது. இன்னொன்று, ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத, கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி வரும் மெல்லிய பூச்சி, பீடரஸ். முதல் பார்வைக்கு எறும்பு போலத்தான் இருக்கும். இதன் உடல் திரவத்தில் பீடரின் இருக்கிறது. பூச்சி நசுங்கினால்தான் அது வெளியே வரும், வேலையைக் காட்ட ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் ஆகும். எனக்கு நடுவில் ஒரு நாள் சும்மா போனதையும் எரிச்சலையும் வைத்து, இது இரண்டாவதுதான் என்று முடிவு சொன்னார்.

காலையும் மாலையும் தடவ ஒரு ஸ்டீராய்டு களிம்பு, ஈரத்துணி ஒத்தடம், கொப்புளத்தைக் கிள்ளக் கூடாது, அவ்வளவுதான் வைத்தியம். கொப்புள நீர் பட்டால் மற்ற இடத்துக்கும் பரவுமா என்று கேட்டேன். பரவாதாம், மற்றவருக்கும் ஒட்டாதாம். ஆனால் அன்றைய சட்டையிலும் தலையணை உறையிலும் நஞ்சு இருக்கலாம் என்பதால் அவற்றைத் துவைக்கச் சொன்னார். கண்ணைக் கசக்கியிருந்தால் கதை வேறு, உடனே கண்ணைக் காட்டியிருக்க வேண்டும் என்றார். அந்த வகையில் தப்பித்தேன்.

நான்காம் நாள் எரிச்சல் அடங்கியது. பத்து நாளில் பொருக்கு உதிர்ந்தது. பழுப்புக் கோடு மட்டும் இரண்டு மாதம் கழுத்தில் இருந்தது.

அதற்கப்புறம் ஒரு ராத்திரி அதே மேஜையில், திறந்த புத்தகத்தின் மேல் ஒன்றைப் பார்த்தேன். வாலைத் தேள் மாதிரி தூக்கிக்கொண்டு ஓடியது. ஒரு காகிதத்தை முன்னால் வைத்தேன், அதுவாக ஏறிக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே உதறினேன். இப்போது உடம்பில் ஊர்ந்தாலும் வாயால் ஊதித்தான் விடுகிறேன், கை பட்டதாகச் சந்தேகம் வந்தால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். செத்துக் காய்ந்ததிலும் நஞ்சு போகாதாம், அதனால் விளக்கடியில் விழுந்து கிடப்பவற்றை வெறுங்கையால் அள்ளுவதில்லை. மேஜையில் வெள்ளை விளக்கை மாற்றி மஞ்சள் விளக்குப் போட்டிருக்கிறேன். வருவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. கொசுவலை அடித்த ஜன்னலிலும் ஓரத்து இடுக்கு வழியாக இவ்வளவு மெல்லிய உடம்பு நுழைந்துவிடுகிறது.